கீழ் வீட்டுப் பற்றுச்சீட்டுகள்

மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறோமே, கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லையே என்று இருபது மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவள் வீரம்மாதான். அந்தக் கடதாசி ஒருநாள் பிற்பகல் வீட்டுக்கே வந்தது. ஒன்றிரண்டல்ல, இருபதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. வந்த பிறகுதான், ஐயோ சாமி, இது வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெசின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொண்டுவந்தவன் பஹ்மி, மேல் வீட்டு மகள் கைரியாவைக் கட்டிய மருமகன். கட்டுகஸ்தோட்டையில் பாதையை ஒட்டி மேல் வீடு. அதன் பக்கவாட்டில் சீமெந்துப் படி இறங்கினால் வீரம்மா, புருசன் அழகமுத்துவோடும் மகளோடும் குடியிருக்கும் கீழ் வீடு. இரண்டுமே பளீல் ஹாஜியாருடைய வீடுகள் என்றுதான் ஊர் சொல்லும். உறுதிப் பத்திரத்தில் இருப்பது அவருடைய மனைவி உம்மு குல்சுமின் பெயர். சீதனமாக வந்த வீடு. வாடகை வாங்குவதும், தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆள் பிடிப்பதும் ஹாஜியார் வேலை. அவர் மௌத்தாகி நாற்பது நாள் கழிந்திருந்தது. உம்மு குல்சும் புருசன் இறந்த துக்கத்துக்கான இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து உள்ளறையில் இருக்க வேண்டும், அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. ஆகவே வெளி வேலையெல்லாம் மருமகன் தலையில் விழுந்தது.

பஹ்மி கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். லீசிங் கம்பெனி ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை, சட்டை மடிப்புக் கலையாத ஆள். அவனுக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாதது அவனைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அவ்வளவுதான் அவனிடமிருந்த குறை.

"வீரம்மாக்கா, நீங்க எந்நாளும் மாமாட்ட ரிசீட் கேப்பீங்களாமே. கைரியா சொன்ன. இந்தாங்கோ, எல்லா மாசத்துக்கும் எழுதியாச்சு" என்றான்.

கார்பன் வைத்து எழுதுகிற பற்றுச்சீட்டுப் புத்தகம் அது. கடையில் புதிதாக வாங்கியிருந்தான். வீரம்மா முகம் மலர்ந்து முதல் தாளைப் பார்த்தாள். இலக்கம் ஒன்று. திகதி. கீழே பஹ்மியின் மணியான கையெழுத்து: 'திரு. அழகமுத்து அவர்களிடமிருந்து 2010 மார்ச் மாத வீட்டு வாடகையில் ஒரு பகுதியாக ரூபா நாலாயிரம் மட்டும்.' அதற்கும் கீழே: 'மிகுதி ரூபா நாலாயிரம்.' கையொப்பம் என்று அச்சடித்த இடத்தில் புள்ளிக்கோடு மட்டும், வெறுமையாக.

அடுத்த தாள் ஏப்ரல். மிகுதி நாலாயிரம். மே மாதம். மிகுதி நாலாயிரம். வீரம்மா கடைசித் தாள் வரை புரட்டினாள், எல்லாவற்றிலும் அதே வரி.

"இது என்னாங்க தம்பி, மிகுதி மிகுதின்னு?"

"மாமா வாடகை வாங்குற அன்டைக்கெல்லாம் கலண்டர்ல குறிச்சு வைப்பார். ரெண்டு வருசத்துக் கலண்டரும் அலுமாரிக்கு மேல சுருட்டி ஈந்திச்சி. ஒரு மாசம் விடல்ல. கீழ் வீடு காசு நாலாயிரம், கீழ் வீடு காசு நாலாயிரம் எண்டு ஈக்கி. நீங்க வந்த மாசம் மட்டும் மேல ஒரு மூலையில, கீழ் வீடு மாச வாடகை எட்டாயிரம் எண்டு எழுதியீக்கி. அப்ப பாதிதானே தந்தீக்கிறீங்க? மாமா இரக்கப்பட்டு விட்டீப்பார். நான் குறை சொல்லல்ல. ஆனா மொத்தம் எண்பதாயிரம் பாக்கி."

"பாக்கியா! அந்த மத்த நாலாயிரம் அட்வான்ஸ்ல கழியுதுங்க தம்பி! ஒரு லட்சத்து நாப்பதாயிரம் குடுத்தோமே ஹாஜியார் கையில! மாசம் நாலாயிரம் காசா, நாலாயிரம் அட்வான்ஸ்ல. அப்படித்தானே பேச்சு!"

பஹ்மி அவள் சொன்ன கணக்கை விரலில் கூட்டிப் பார்த்தான். பிறகு பொறுமையாகக் கேட்டான்: "அதுக்கு ஏதும் எழுத்து ஈக்கா?"

எழுத்து இருந்தால் ஏன் இந்தப் புலம்பல்? ஹாஜியார் அட்வான்ஸ் வாங்கும்போது, "எழுத்து என்னத்துக்கு வீரம்மா, நான் ஓடிப்போறனா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, தாய் பாலம்மா பன்வில தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈபிஎப் காசையும், தன் காதிலும் கழுத்திலும் கிடந்ததையும் சேர்த்துக் கொடுத்தவள் இவள். இப்போது ஹாஜியாரை எங்கே போய்க் கேட்பது?

"கோவிக்காதீங்கோ அக்கா. நான் ஒண்டு கேக்கிறன்" என்றான் பஹ்மி. "மாமாட ஜனாஸா அன்டைக்கு, மையித்து வச்ச சந்தூக்கத் தூக்க முந்தி, எல்லார் முன்னாலயும் நான் கேட்டன்தானே. மையித்து யாருக்கும் கடன் குடுக்க ஈந்தா சொல்லுங்கோ, நான் பொறுப்பு எண்டு. அழகமுத்தண்ணன் பக்கத்துலதான் நிண்டார். அவர்ட்டத் தனியாவே கேட்டன், உங்களுக்கு ஏதும் ஈக்கா எண்டு. சீச்சீ, எங்களுக்கு ஒன்னும் இல்லன்னு சொன்னாரே. பள்ளி ஆக்கள் எல்லாம் சாட்சி. அவ்வளவு காசு வரவேண்டிய மனிசன் அப்படிச் சொல்வாரா?"

வீரம்மா புத்தகத்தை மூடி மெசின் மேசையில் வைத்தாள்.

பஹ்மி போகும்போது தணிந்த குரலில் சொன்னான்: "பாக்கிய மெல்ல மெல்லத் தாங்கோ. இல்லாட்டி தை மாசத்துக்குள்ள வீட்ட விடுங்கோ. பேராதனைக் கெம்பஸ் பொடியன்மார் நாலு பேர் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழம மாமிட்ட எல்லாத்துக்கும் ஒப்பம் வாங்குவன். அதுக்கு முந்தி நீங்க சரி பாத்து கொப்பியில கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."

கார்பன் கொப்பியில் கையெழுத்துப் போட்டால் எண்பதாயிரம் கடன் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. போடாவிட்டால், வக்கீல் கடிதம் வரும். வீட்டை விட்டால் போக இடம்? பன்விலயில் தம்பியின் ஒற்றை அறை லயக் காம்பிரா இருக்கிறது, ஏற்கெனவே ஆறு பேர் படுக்கிற இடம். அங்கே போனால் அழகமுத்து கண்டி டவுன் ஹார்ட்வெயார் கடைக்கு எப்படி வருவான்? இந்த ஏரியாவில் வீடு வீடாக அறிமுகமாகி, சட்டை, சல்வார், டீச்சர்மாரின் சாரி ஜாக்கெட் என்று இவள் பிடித்து வைத்திருக்கிற தையல் வேலை என்ன ஆகும்? மகள் அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டியவள்.

அழகமுத்து பஸ்ஸில் இறங்கி வந்து செருப்பைக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மையத்து வீட்டுல ஒங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"எப்ப?"

"எப்பவா! ஹாஜியார் மையத்து வீட்டுல! கடன் ஏதும் இருக்கான்னு கேட்டாங்களா இல்லியா?"

அழகமுத்து தலையைச் சொறிந்தான். நல்ல மனிதன். ஆணிக் கணக்கும் சீமெந்து மூட்டைக் கணக்கும் விரல் நுனியில் வைத்திருப்பவன். ஆனால் வாயைத் திறந்து ஒரு பேச்சுப் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். "கேட்டாங்கதான். எல்லாரும் அழுதுகிட்டு நிக்கிறாங்க. பொணத்த முன்னால வச்சுகிட்டு எனக்கு இவ்வளவு வரணும்னு சொல்லச் சொல்றியா? நம்மள மாதிரி மனுசன் அப்படிச் சொல்வானா? ஒன்னும் இல்லன்னேன்."

"ஒன்னும் இல்லையா! அறுபதாயிரம் இருக்குங்க இன்னும் அட்வான்ஸ்ல!"

"அது கடனா? அது அட்வான்ஸ்தானே."

வீரம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். வருசம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வாயைத் திறக்காத மனுசன், மூடிக்கொண்டிருக்க வேண்டிய அந்த ஒரு நாள் பார்த்தா திறக்க வேண்டும் என்று கத்தினாள். கத்தி முடிந்ததும் அழுதாள். அழகமுத்து செருப்போடு நின்றபடியே நின்றான். அவன் பேரில் பிழை சொல்லவும் முடியவில்லை. இவர்கள் பக்கத்துச் சாவில் அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. கேள்வியின் கனம் அவனுக்குத் தெரியாது.

ஆனால் வீரம்மாவுக்குத் தெரியும். மேல் வீட்டுப் பெண்களுக்குத் தைத்துத் தைத்து, அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தெரியும். கடனோடு போகிறவனுக்குப் போன இடத்தில் நிம்மதி கிடையாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. பஹ்மியோடு சண்டை பிடிக்கலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் இப்போது கதையைத் திருப்பிச் சொல்வதென்றால், அந்த உள்ளறையில் வெள்ளை உடுத்திக் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கிற மனுசியிடம் போய், உங்கள் புருசன் எங்களுக்குக் கடன்காரனாகத்தான் கபுறுக் குழிக்குள் போனார் என்று சொல்வதாகும். அந்த வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்ததே வீரம்மாதான். காசு கூட வாங்கவில்லை.

சொல்லாவிட்டால் வீடு போகும். சொன்னால் அந்த அம்மாள் உடைந்துபோவாள். இடையில் இரண்டு நாள் வீரம்மா தைத்த ஜாக்கெட் எல்லாம் கை கோணி, பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மகள் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தாள். பற்றுச்சீட்டுப் புத்தகம் மெசின் மேசையில் கிடந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருதரம் பேனையை எடுத்தே விட்டாள். போட்டுத் தொலைக்கலாம், மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டலாம் என்று நினைத்தாள். வாங்காத கடனுக்குத் தவணையா என்று மனசு திருப்பிக் கேட்டது. பேனையை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் அழகமுத்து, "நானும் வாறேன்" என்றான்.

"நீங்க வந்து? உள்ளுக்கு விடமாட்டாங்க. அவங்க இத்தாவுல இருக்காங்க. முன்னுக்குக் கதிரையில ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கவா வாறீங்க? நானே போறேன்" என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

மேல் வீட்டு உள்ளறையில் உம்மு குல்சும் பாயில் இருந்தாள். பஹ்மி இரண்டு கலண்டரையும் விரித்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மருமகன் என்பதால் அவனுக்கு உள்ளே வரத் தடையில்லை. வாசலில் கைக்குழந்தையோடு கைரியா நின்றாள். கிழவி என்று சொல்கிற வயதில்லை உம்மு குல்சுமுக்கு, ஆனால் நாற்பது நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"வாங்கோ மகள்" என்றாள். "இந்தக் கடதாசிக்கெல்லாம் நான் ஒப்பம் வைக்கணுமாம். நீங்க பாத்தீங்களா, சரியா ஈக்கா?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் சந்தோசமாக இருப்பார்கள், அவளைத் தவிர.

"சரியில்லீங்க உம்மா" என்றாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. அட்வான்ஸ் கொடுத்ததையும், மாதம் பாதி கழிவதாகப் பேசியதையும், கலண்டரில் கைக்கு வந்த காசை மட்டும்தான் ஹாஜியார் குறித்திருக்கிறார் என்பதையும், தன் புருசன் மரியாதை பார்த்து வாய் தவறிச் சொன்னதையும், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். கடைசியில், "ஒங்க மனச நோகடிக்க வரலீங்க உம்மா. ஹாஜியார் தங்கமான மனுசன். எங்களுக்குக் காசு கூட வேணாம். வீட்டுல இருக்க விட்டாப் போதும்" என்றாள்.

"எவ்வளவு ஈக்கி இன்னம்?" என்று கேட்டாள் உம்மு குல்சும். குரல் மாறியிருந்தது.

"இருவது மாசம் கழிஞ்சது போக அறுவதாயிரம்."

"மாமி, எழுத்து ஒண்டும் இல்ல…" என்று பஹ்மி தொடங்கினான்.

"நீங்க வாய மூடுங்கோ" என்றாள் உம்மு குல்சும். அந்த வீட்டில் மருமகனை அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கைரியா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "எழுத்து எதுக்கு? நான் எழுத்து. அந்தக் காசு வந்த அன்டைக்கு இந்தக் கையாலதான் எண்ணின. அது எங்க போன எண்டு கேளுங்கோ. மாப்பிள்ளையா உங்களுக்குக் குடுத்த கைக்கூலிக் காசுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் அதுதான். கலியாணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி வேற வழியில்லாம வாங்கின. அத எழுதி வைக்க அவருக்கு வெக்கம். நான், அது எப்பயோ கழிஞ்சு முடிஞ்சிட்டு எண்டு நினைச்சிட்டு இரிந்தன்."

பஹ்மி முகம் கறுத்துப் போய்க் கலண்டரைப் பார்த்தான்.

வீரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உம்மு குல்சுமின் பார்வை இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பார்வையில் நன்றி இல்லை, அழுகையும் இல்லை. கொதிப்பு இருந்தது.

"உங்களுக்கு நெஞ்சு எப்படி வந்த?" என்றாள்.

"உம்மா?"

"நாப்பது நாள்! நாப்பது நாளா என்ட மனிசன் கபுறுக்குள்ள கடனோட கிடக்கிறார். அது தெரிஞ்சிட்டு நீங்க கீழ ஈந்து சோறு தின்டிட்டு இரிந்தீக்கிறீங்க! நான் இங்க ராப்பகலா ஓதுறன், அவர் நிம்மதியா ஈப்பார் எண்டு. யாருக்கும் ஒண்டும் குடுக்க இல்ல எண்டு மருமகன் வந்து சொன்னப்ப எனக்குப் பாதி உயிர் வந்த. அது பொய்யா? மரியாதையாம்! யாருக்கு வேணும் உங்கட மரியாத? கேட்டாச் சொல்லணும். அதுக்குத்தானே கேக்குற!"

வீரம்மா திகைத்துப்போனாள். இந்த அம்மாள் உடைந்துபோவாள் என்றுதான் இரண்டு நாளாகப் பயந்தாள். இப்படித் திட்டுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. திட்டு வாங்க வாங்க அவளுக்குள் ஏதோ விளங்கிக்கொண்டு வந்தது. இரக்கம் என்று நினைத்து இவள் செய்ததெல்லாம், அந்த மனுசிக்குச் செய்த அநியாயமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்கங்க உம்மா. தெரியாமப் போச்சு" என்று முணுமுணுத்தாள்.

"கைரியா, அலுமாரியத் திற. என்ட காப்பு நாலையும் எடு. பஹ்மி, டவுனுக்குக் கொண்டு போங்கோ. ஈடு வைக்காதீங்கோ, வித்துப்போடுங்கோ. அறுபதாயிரத்தையும் இன்டைக்கே இவட கையில குடுக்கணும்."

இந்த இடத்தில் வீரம்மாவுக்கு மறுபடி பயம் பிடித்தது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கையில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாமானைக் கட்டு என்று. ஒரு வீடு அல்ல, மூன்று வீடு அவள் அப்படி மாறியிருக்கிறாள்.

"வேணாம் உம்மா! காசு வேணாம்! அட்வான்ஸ வாங்கினா வீட்ட விடணுமே! எங்களுக்குப் போக இடமில்ல. கடன் இல்லன்னு நெனச்சிக்கங்க. நாங்க விட்டுட்டோம், மன்னிச்சிட்டோம்."

"வயித்துக்குச் சேத்து வச்ச காச எப்படி விட்டீங்க? வாயால விட்டு மனசால விடாட்டி அது விட்டதா? அன்டைக்கும் உங்கட புருசன் வாயாலதானே சொன்ன. இனி எனக்கு உங்கட வாயில நம்பிக்கயில்ல" என்றாள் உம்மு குல்சும்.

ஒருத்தி கொடுத்தே தீருவேன் என்கிறாள், ஒருத்தி வாங்கவே மாட்டேன் என்கிறாள். இந்த அக்கப்போரில் கைரியாவின் குழந்தை வீறிட்டது. பஹ்மிதான் தொண்டையைச் செருமினான்.

"மாமி, ஒரு நிமிசம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்திடம் கடனைப் பற்றிக் கேட்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தான். "காசாக் குடுக்கத்தான் வேணும் எண்டில்லையாம். இந்தக் கடன நீங்க ஏத்துக்கலாம். கடன் குடுத்தவங்க மனசொத்துச் சம்மதிக்கணும். சம்மதிச்சா மாமாக்கும் அதுக்கும் தொடர்பில்ல, இனி அது உங்கட கடன். அறுபதாயிரம் அட்வான்ஸ் உங்க கையில ஈக்கி எண்டு நீங்க ரிசீட் எழுதிக் குடுங்கோ. மாசம் மாசம் நாலாயிரம் அதுல கழியட்டும். வீடும் அவங்களுக்கு ஈக்கட்டும்."

உம்மு குல்சும் வீரம்மாவைப் பார்த்தாள். "சம்மதமா? மனசால சொல்லுங்கோ."

"சம்மதம் உம்மா. மனசாரச் சம்மதம்" என்றாள் வீரம்மா.

அதன்பிறகு பஹ்மி வேலையில் இறங்கினான். வேலை என்று வந்தால் அவன் வேறு ஆள். எழுதிய இருபதையும் கிழித்தெறியலாமே என்று கைரியா சொன்னதற்கு, "இலக்கம் விழுந்த ரிசீட்டக் கிழிக்கக் கூடாது" என்று மூலத்திலும் கொப்பியிலும் குறுக்கே இரண்டு கோடு கீறி, 'இரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விட்டான். அடுத்த இலக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினான். மாதம் அந்தந்த மாதம், திகதி மட்டும் இன்றைய திகதி. பழைய திகதி போட அவன் கை ஒப்பவில்லை. 'மாத வாடகை முழுவதும், ரூபா எட்டாயிரம் மட்டும்.' அதற்குக் கீழே காசாக நாலாயிரம், முற்பணத்தில் கழித்தது நாலாயிரம் என்று இரண்டு வரி. மட்டும் என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் எதையும் செருகாதபடி கோடு இழுத்தான். கலண்டரில் மாதத்தைப் பார்ப்பான், தாளில் எழுதுவான், மாமியிடம் நீட்டுவான். உம்மு குல்சும் கையொப்ப இடத்தில் புள்ளிக்கோட்டின் மேல் நிதானமாகப் பெயரை எழுதினாள். ஒவ்வொரு தாளையும் வீரம்மா கையில் வாங்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

எல்லாம் முடிந்ததும் கடைசித் தாள். பஹ்மி சட்டைப்பையிலிருந்து பர்சை எடுத்து, கம்பெனி வேலைக்கு வைத்திருந்த இருபத்தைந்து ரூபா முத்திரை ஒன்றை நாக்கில் தொட்டு ஒட்டினான். "இருபத்தையாயிரத்துக்கு மேல போனா முத்திர வேணும்" என்றான். எழுதியதை மாமியிடம் காட்டினான். அவள் முத்திரையின் மேலும் தாளின் மேலும் படுகிற மாதிரி ஒப்பமிட்டாள். பேனையை மூடி வைத்தாள். கைரியா குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள், அது தூங்கிப் போயிருந்தது.

வீரம்மா தாள்களை மடித்து எழுந்தாள். வீடு பறிபோகவில்லை என்று கீழே ஓடிப்போய் மகளிடமும் அந்த மனுசனிடமும் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது.

"எங்க போற? இரிங்கோ" என்றாள் உம்மு குல்சும். "அந்தக் கடைசிக் கடதாசிய எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

"நீங்கதானே உம்மா ஒப்பம் வச்சீங்க."

"வாசிங்கோ. உங்கட வாயால கேக்கணும்."

வீரம்மா மறுபடி உட்கார்ந்து தாளை விரித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"திரு. அழகமுத்து, திருமதி வீரம்மா ஆகியோர் என் கணவர் காலஞ்சென்ற பளீல் அவர்களிடம் கொடுத்த வீட்டு முற்பணத்தில் எஞ்சிய ரூபா அறுபதாயிரம் மட்டும் இன்று முதல் என் பொறுப்பில் உள்ளது. அன்னாரிடமிருந்து இவர்களுக்கு வரவேண்டியது எதுவுமில்லை. ஒப்பம், உம்மு குல்சும்."

உம்மு குல்சும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பஹ்மி கலண்டர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான்.

"எதுவுமில்லை எண்ட இடத்த இன்னொருக்கா வாசிங்கோ மகள்" என்றாள்.

வீரம்மா வாசித்தாள்.

"இன்னொருக்கா."

இந்த முறை வீரம்மாவுக்கு எழுத்து தெரியவில்லை, கண் மறைத்தது. ஆனால் அதற்குள் அந்த வரி அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. தாளைப் பார்க்காமலே சொன்னாள். அந்த அம்மாள் போதும் என்று சொல்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.